மாஸ்க் யாருக்காக? தங்கைக்கு லுக்கேமியா, அண்ணனுக்கு ஆயிரம் கேள்விகள்

குழந்தைகள் புற்றுநோய் வார்டில் வேலை செய்கிறேன். சிகிச்சை பெறும் குழந்தையிடம் எல்லோரும் பேசுகிறோம்; கூட வரும் அண்ணன், அக்காவிடம் உட்கார்ந்து பேச யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை. அவர்களுக்கு நான் சொல்லும் கதை இது.

ஒரு பையன், எட்டு வயது. தங்கைக்கு நான்கு. அவளுக்கு விட்டு விட்டுக் காய்ச்சல், அடிபடாமலே உடம்பில் கன்றிப்போன நீலத் திட்டுகள், கால்வலி. பரிசோதித்ததில் லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோய். முதல் கட்ட சிகிச்சைக்காக வார்டில் சேர்த்தார்கள். பார்க்கப் போன பையன், எல்லோரும் மாஸ்க் போட்டிருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டான்.

"எனக்கும் ஒட்டிக்குமா சிஸ்டர்?"

"ஒட்டாதுடா கண்ணா. மாஸ்க் உனக்காக இல்ல, அவளுக்காக."

நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் உருவாகின்றன. லுக்கேமியாவில் வளர்ச்சியடையாத அணுக்கள் பெருகி அந்த இடத்தை அடைத்துக்கொள்கின்றன. கீமோ மருந்து அவற்றை அழிக்கும்போது நல்ல அணுக்களும் குறைந்துவிடும். முக்கியமாக, கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்களில் ஒரு வகையான நியூட்ரோபில் எண்ணிக்கை 500-க்குக் கீழே போனால், அண்ணனுக்குச் சாதாரணச் சளியாக இருப்பதுகூட அவளைக் கடுமையாகப் படுத்தும்.

பையன் கொஞ்ச நேரம் கழித்து, "அன்னைக்கு அவளைத் தள்ளிவிட்டேன். அதனாலயா?" என்றான். நிறையப் பிள்ளைகள் இதைக் கேட்காமலே மனதுக்குள் வைத்துக்கொள்கிறார்கள். அதனால் அவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: நீ செய்ததாலோ, சொன்னதாலோ, நினைத்ததாலோ இது வரவில்லை.

அப்புறம் தங்கை வீட்டுக்கு வந்தாள். சில நாளில் காய்ச்சல் 38.2 டிகிரி. விளையாடிக்கொண்டிருந்தவளை ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். 'நான் மாஸ்க்கைச் சரியாகப் போடவில்லையோ' என்று பையன் பயந்தான். ஆனால் இப்படி வரும் காய்ச்சல்களில் பலவற்றுக்குக் காரணம் அவளுடைய குடலிலும் தோலிலும் ஏற்கெனவே இருக்கும் கிருமிகள்தான். எவ்வளவு கை கழுவினாலும், மாஸ்க் போட்டாலும் அவற்றை முழுக்கத் தடுக்க முடியாது.

வெள்ளை அணுக்கள் குறைவாக இருக்கும்போது சீழ், வீக்கம்கூடத் தெரியாமல் போகலாம். காய்ச்சல் மட்டுமே அறிகுறியாக இருக்கும். அதனால்தான் 38 டிகிரி, அதாவது ஃபாரன்ஹீட்டில் 100.4 தொட்டாலே, பாராசிட்டமால் கொடுத்துப் பார்த்துக் காத்திருக்காமல், உடனே மருத்துவமனைக்கு வரச் சொல்கிறோம். கிருமி இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் எடுத்து, முடிந்தவரை ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக்கை ரத்தநாளம் வழியே ஏற்ற வேண்டும். பிறகு அவள் வீடு திரும்பக் காய்ச்சல் அடங்க வேண்டும், பெரும்பாலும் அணுக்களும் ஏறத் தொடங்க வேண்டும். அதற்கு இத்தனை நாள் என்று எங்களாலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. "ரெண்டு நாள்ல வந்துடுவா" என்று வாக்குக் கொடுத்துவிட்டால் மூன்றாம் நாள் பையன் யாரையும் நம்ப மாட்டான். "காய்ச்சல் விட்டு, ரத்தத்துல அணுக்கள் ஏறினதும் வருவா" என்று சொல்லுங்கள், அது உண்மை.

அவனுக்கும் ஒரு வேலை உண்டு. வகுப்பில் யாருக்காவது அம்மை போட்டால் அன்றைக்கே வீட்டில் சொல்ல வேண்டும், பெற்றோர் உடனே எங்களுக்கு போன் செய்ய வேண்டும். தங்கைக்குப் பாதுகாப்பு மருந்து தேவைப்பட்டால், அதை அடுத்த சில நாட்களுக்குள் கொடுத்தால்தான் பலன்.