பத்திரத்தில் எழுதிய தொகை முழுவதையும் கொடுக்க வேண்டுமா?

பிரிக்ஃபீல்ட்ஸில் தையற்கடை வைத்திருந்த அக்கா ஒருவர், நான் எழுத்தராக வேலை பார்க்கும் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு ஒரு கடிதத்தோடு வந்தார். மூன்று ஆண்டு வாடகை ஒப்பந்தத்தில் கடை எடுத்திருந்தார். மாதம் 3,000 ரிங்கிட். இருபது மாதங்கள் ஒழுங்காக வாடகை கட்டினார். அதன் பிறகு வியாபாரம் படுத்துவிட்டது. கடையைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டார். மூன்றாம் மாதம் கடை உரிமையாளரின் வழக்கறிஞரிடமிருந்து கோரிக்கைக் கடிதம் வந்தது. இரண்டு மாத முன்பணமான 6,000 ரிங்கிட் பறிமுதல். அதற்கு மேல், ஒப்பந்தத்தில் உள்ள விதிப்படி, மிச்சமுள்ள 16 மாத வாடகை, அதாவது 48,000 ரிங்கிட்டை, 14 நாளில் கட்ட வேண்டும்.

"கையெழுத்துப் போட்டது நான்தானே தம்பி, கட்டித்தானே ஆக வேண்டும்?" என்று கேட்டார். அவர் நகையை அடகு வைக்கவே முடிவு செய்திருந்தார்.

நான் இதை எழுதக் காரணம் அந்தக் கேள்விதான். கையெழுத்துப் போட்டது உண்மை, ஒப்பந்தத்தை மீறியதும் உண்மை. ஆனால், மீறினால் இவ்வளவு தர வேண்டும் என்று பத்திரத்தில் ஒரு தொகை எழுதியிருப்பதாலேயே அது முழுவதும் கடனாகிவிடாது. மலேசியாவில் இதைத் தீர்மானிப்பது 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு.

அந்தப் பிரிவு சொல்வது இது. ஒப்பந்தம் மீறப்பட்டால் இன்ன தொகை என்று குறித்திருந்தாலும், தண்டம் என்று வேறெந்த விதமாக எழுதியிருந்தாலும், பாதிக்கப்பட்டவருக்குக் கிடைப்பது நியாயமான இழப்பீடு மட்டுமே. அது குறித்த தொகையைத் தாண்டக் கூடாது. உண்மையில் நஷ்டம் ஏற்பட்டது என்று நிரூபித்தாலும் நிரூபிக்காவிட்டாலும் அந்த நியாயமான இழப்பீட்டைக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. ஆக, பத்திரத்தில் உள்ள எண் ஓர் உச்சவரம்பு. அதற்குக் கீழே எங்கே நிற்பது என்பதை நீதிமன்றம் பார்த்துச் சொல்லும்.

இங்கிலாந்தில் வழி வேறு. அங்கே இழப்பை முன்கூட்டி நேர்மையாகக் கணக்கிட்டு எழுதிய தொகை ஒரு வகை. எதிராளியை மிரட்டிப் பிடித்து வைக்க எழுதிய தண்டத்தொகை இன்னொரு வகை. முதலாவது செல்லும், இரண்டாவது அடியோடு செல்லாது என்பதே நெடுங்காலம் அங்கே விதியாக இருந்தது. 1915-இல் டயர் நிறுவனம் ஒன்றின் வழக்கில் அன்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வகுத்த அளவுகோலை, 2015-இல் மாற்றும் வரை நூறு ஆண்டுகள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நம் சட்டம் 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டது. இரண்டு வகைகளையும் ஒரே பிரிவுக்குள் போட்டு, இரண்டுக்கும் நியாயமான இழப்பீடு என்ற ஒரே அளவுகோலை வைத்தது. அதனால்தான், "இத்தொகை முன்மதிப்பிட்ட இழப்பீடே அன்றித் தண்டம் அல்ல என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்கின்றன" என்று பத்திரத்தில் ஒரு வரி இருந்தாலும் அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. அந்தப் பெயர் ஒட்டுவதால் 75-ஆம் பிரிவு விலகிப் போவதில்லை. அக்காவின் ஒப்பந்தத்திலும் அந்த வரி இருந்தது.

இனி யார் நிரூபிப்பது என்ற கேள்வி. சண்டையெல்லாம் இங்கேதான். 1995-இல் ஒரு மருத்துவர் தன் கிளினிக்கை இன்னொரு மருத்துவருக்குத் தவணையில் விற்ற வழக்கில், கூட்டரசு நீதிமன்றம் 75-ஆம் பிரிவை விற்றவருக்கு இறுக்கமாகப் படித்தது. இழப்பைக் கணக்கிட முடிகிற இடத்தில் பத்திரத்தைக் காட்டினால் போதாது, எவ்வளவு இழந்தோம் என்று ஆதாரத்தோடு காட்ட வேண்டும் என்றது. பல ஆண்டுகள் அதுவே வழக்கமாக இருந்தது. கட்ட வேண்டியவருக்கு அது பெரிய கேடயம்.

2018-இல் அந்தக் கேடயம் கைமாறியது. கியூபிக் எலக்ட்ரானிக்ஸ் என்ற நிறுவனம் 9 கோடி ரிங்கிட்டுக்குத் தன் சொத்தை விற்க முன்வந்தது. வாங்க வந்த நிறுவனம் முன்பணங்களும் தாமத வட்டியுமாக மொத்தம் 30 லட்சத்து 40 ஆயிரம் ரிங்கிட் கட்டியது; ஆனால் குறித்த நாளுக்குள் வாங்கி முடிக்கவில்லை. விற்பவர் அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டார். கூட்டரசு நீதிமன்றம் அது சரியே என்றது. உண்மை நஷ்டத்தை எல்லா வழக்கிலும் நிரூபிக்க வேண்டும் என்பதில்லை என்று சொன்னது. கேட்பவர் இரண்டைக் காட்டினால் போதும். ஒன்று, ஒப்பந்தம் மீறப்பட்டது. இரண்டு, மீறினால் இன்ன தொகை என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதன் பிறகு அந்தத் தொகை நியாயமற்றது என்று காட்ட வேண்டிய சுமை மீறியவர் தலையில் விழுகிறது. முன்பணத்தைப் பறிமுதல் செய்வதும் இதே 75-ஆம் பிரிவுக்குக் கட்டுப்பட்டதுதான் என்றும் அந்தத் தீர்ப்பு தெளிவாக்கியது.

நியாயமா இல்லையா என்பதை நீதிமன்றம் எப்படிப் பார்க்கும்? கேட்பவர் பாதுகாக்க நினைத்த நேர்மையான நலன் ஏதாவது உண்டா, அந்த நலனுக்குத் தொகை பொருத்தமான அளவில் இருக்கிறதா என்று பார்க்கும். கியூபிக் வழக்கில் பறிபோன தொகை விலையில் நூற்றுக்கு நான்குகூட இல்லை. அவ்வளவு பெரிய விற்பனையில் இழுத்தடிக்கும் வாங்குபவரிடம் அவ்வளவு பிடித்து வைப்பது மிகையாகத் தெரியவில்லை.

இப்போது அக்காவின் கணக்குக்கு வருவோம். கடை உரிமையாளரின் நேர்மையான நலன் என்ன? கடை காலியாகக் கிடக்காமல் வாடகை வர வேண்டும். இந்தக் கடை இரண்டு மாதம் காலியாகக் கிடந்தது. நஷ்டம் 6,000 ரிங்கிட். மூன்றாம் மாதம் முடிதிருத்தகம் ஒன்று 2,900 ரிங்கிட்டுக்கு எடுத்தது. மீதி 14 மாதத்துக்கு மாதம் நூறு வீதம் 1,400 ரிங்கிட் குறைகிறது. புது வாடகையாளரைப் பிடித்துத் தந்த முகவருக்கு ஒரு மாத வாடகை, 2,900 ரிங்கிட். கூட்டினால் 10,300. கையில் இருக்கும் முன்பணம் 6,000 ரிங்கிட்டைக் கழித்தால் மிச்சம் 4,300 ரிங்கிட்.

48,000 எங்கே, 4,300 எங்கே! முழு வாடகையும் கேட்கும் அந்த விதியை அப்படியே நடத்தினால், முடிதிருத்தகம் கட்டும் 14 மாதங்களுக்கும் உரிமையாளர் இரட்டை வாடகை வாங்குவார். கடை மறுநாளே வாடகைக்குப் போனாலும் ஒரு வருடம் காலியாகக் கிடந்தாலும் அதே 16 மாதத்தைத்தான் அந்த விதி கேட்கிறது. நடந்த இழப்போடு ஒட்டாத தொகை என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. ஆனால் இரண்டு மாத முன்பணத்தைப் பிடித்துக்கொண்டதைக் குறை சொல்ல முடியாது. கடை மாறும் இடைவெளிக்கு அது சரியான அளவு. அதைத் திருப்பிக் கேட்டு வழக்கை வளர்க்க வேண்டாம் என்று அக்காவிடம் சொன்னேன். ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின் விளக்கமும் இங்கே கைகொடுக்கும். இழப்பை மதிப்பிடும்போது அதைச் சரிக்கட்டக் கையில் இருந்த வழிகளையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்கிறது அது.

இந்தக் கணக்கு தானாக நீதிபதி முன் போய் நிற்காது. சுமை அக்காவுடையது. ஆகவே கடை வாசலில் முடிதிருத்தகத்தின் பலகை தொங்கிய படம், கடையை வாடகைக்கு விட்ட இணைய விளம்பரத்தின் தேதி தெரியும் பிரதி, பக்கத்துக் கடைகளின் வாடகை நிலவரம், இவற்றையெல்லாம் அன்றே எடுத்து வைக்கச் சொன்னோம். விளம்பரம் பத்து நாளில் மறைந்துவிடும்; பிறகு தேடினால் கிடைக்காது. எதிர்த்தரப்பு புது ஒப்பந்தத்தை மறைத்தால் அதைக் காட்டச் சொல்லி நீதிமன்றத்திடம் கேட்கவும் வழி இருக்கிறது.

இதைவிட முக்கியமான காகிதம் சாவி ஒப்படைத்த ரசீது. வாடகையாளர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே போய்விட்டால், ஒப்பந்தம் இன்னும் ஓடுகிறது என்று சொல்லி உரிமையாளர் மாதா மாதம் வாடகையைக் கடனாகக் கேட்கப் பார்ப்பார். அது மீறலுக்குக் குறித்த தொகை அல்ல, நிலுவை வாடகை. 75-ஆம் பிரிவை அதற்குக் கேடயமாகப் பிடிப்பது கடினம். அக்கா நல்லவேளையாகச் சாவியைக் கொடுத்து, உரிமையாளரின் மகனிடம் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கி வைத்திருந்தார். தையல் அளவு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நீல மையில் ஒரு வரி, அவ்வளவுதான். அந்த ஒரு பக்கம் எங்களுக்குப் பாதி வழக்கு.

இப்பிரிவு எல்லாத் தொகைக்கும் பொருந்தாது. சட்டமே விகிதத்தை வகுத்த இடங்கள் உண்டு. வீட்டு மேம்பாட்டாளர் வீட்டைத் தாமதமாக ஒப்படைத்தால் வாங்குபவருக்கு விலையில் ஆண்டுக்கு 10 விழுக்காடு, நாள் கணக்கில் தர வேண்டும் என்பது சட்டம் விதித்த ஒப்பந்தப் படிவத்திலேயே இருக்கிறது. அங்கே நஷ்டம் எவ்வளவு என்று வாங்குபவர் காட்ட வேண்டியதில்லை. காலம் முடிந்த பிறகும் காலி செய்யாத வாடகையாளரிடம் இரட்டை வாடகை கேட்க 1956-ஆம் ஆண்டு குடிமைச் சட்டம் இடம் தருகிறது. அக்காவின் நிலை அதற்கு நேர்மாறானது. அவர் முன்கூட்டியே போனவர்.

கோரிக்கைக் கடிதம் வந்தால் பதில் எழுதாமல் மேசை இழுப்பறையில் போடுவது பெரிய தவறு. இப்படிப்பட்ட தொகை 100,000 ரிங்கிட்டுக்குள் என்பதால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போகும். வழக்கு ஆவணம் கையில் கிடைத்ததிலிருந்து 14 நாளுக்குள் ஆஜராகும் படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் எதிர்த்தரப்பு ஒருதலைத் தீர்ப்பு வாங்கிவிடும். அந்தத் தீர்ப்பில் 48,000 என்று எழுதிய பிறகு அதை நீக்கச் சொல்லித் தனி மனு போட்டால்தான் நியாயமான தொகை எது என்ற பேச்சே எழும்.

அக்காவின் சார்பில் எங்கள் அலுவலகம் இரண்டு பக்கப் பதில் அனுப்பியது. மீறல் நடந்ததை ஒப்புக்கொண்டோம். மறைக்க ஒன்றும் இல்லை. பலகைப் படத்தையும் நோட்டுப் பக்கத்தின் நகலையும் இணைத்தோம். மேலே சொன்ன கணக்கை வரி வரியாகப் போட்டு, 4,300 ரிங்கிட்டை இரண்டு தவணையில் கட்டத் தயார் என்று எழுதினோம். மூன்று வாரம் கழித்து எதிர்த்தரப்பிலிருந்து ஒப்புதல் வந்தது. முதல் தவணையைக் கட்ட வந்த அன்று, அக்கா அந்த நோட்டைத் திருப்பித் தரும்படி கேட்டார். பாதி வாடிக்கையாளர்களின் அளவு அதில்தான் இருக்கிறதாம். வீட்டிலிருந்தே தைக்கத் தொடங்கிவிட்டார்.