வரிசைக்கு ஒன்பது கட்டம் போட்டால் என்ன ஆகும்?

இரண்டாம் வகுப்பு ஆசிரியை ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார்: “1 முதல் 100 வரை கட்டம் போட்டு, இரட்டைப்படை எண்களுக்கு மட்டும் வண்ணம் தீட்டச் சொன்னேன். எல்லோருக்கும் மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாக வந்தது. ஒரு பிள்ளை மட்டும் வரிசைக்கு ஒன்பது கட்டமாகப் போட்டுவிட்டாள். அவள் தாளில் செஸ் போர்டு மாதிரி வந்திருக்கிறது. சரிபார்த்தால் ஒரு எண்கூடத் தப்பில்லை. இது ஏன் என்று பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?”

அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், டீச்சர். வகுப்பிலேயே அதுதான் நல்ல தாள். ஆனால் அதற்குப் போகும் முன் புளியங்கொட்டையிலிருந்து வர வேண்டும்.

பிள்ளைக்கு ஒரு கை புளியங்கொட்டை கொடுத்து, இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். ஜோடிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக, இரண்டு வரிசையாக நிற்கட்டும். கடைசியில் ஒன்று தனியாக நின்றால் ஒற்றைப்படை, இல்லையென்றால் இரட்டைப்படை. இதில் எனக்குப் பிடித்த விஷயம், எத்தனை கொட்டை என்று எண்ணவே தேவையில்லை என்பதுதான். நாற்பதுக்கு மேல் எண்ணத் தடுமாறும் பிள்ளையும் ஐம்பத்து மூன்று கொட்டைகளை ஜோடி சேர்த்து “ஒத்தை” என்று சரியாகச் சொல்லிவிடும். மூடிய கைக்குள் கொட்டைகளை வைத்துக்கொண்டு “ஒத்தையா ரெட்டையா?” என்று கேட்டு விளையாடியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வழவழ அட்டைப் பெட்டியில் விலைக்கு வரும் பிளாஸ்டிக் வில்லைகளும் இதைத்தான் செய்யும். அதற்குப் பணம் கொடுக்க எனக்கு மனம் வராது.

பல வகுப்புகளில் இந்தப் படியைத் தாண்டி, “கடைசி இலக்கம் 0, 2, 4, 6, 8 என்றால் இரட்டைப்படை” என்று நேரே மனப்பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். அப்படிப் படித்த பிள்ளையிடம் 36-ஐக் காட்டினால் 3-ஐப் பார்த்து “ஒற்றைப்படை” என்று சொல்லக்கூடும். 50-ம் அப்படியே. கடைசி இலக்கத்தை மட்டும் ஏன் பார்க்கிறோம் என்று அதற்குத் தெரியாது. பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளை எடுத்து ஒரு கட்டைப் பிரித்து ஜோடி சேர்த்தால் ஐந்து ஜோடி, மிச்சம் இல்லை. அடுத்த கட்டும் அப்படித்தான். பத்தின் கட்டு எத்தனை இருந்தாலும் தனியாக ஒன்று நிற்காது. தனியாக நிற்பது ஒன்று இருந்தால் அது கட்டுக்கு வெளியே கிடக்கும் உதிரிக் குச்சிகளில்தான் இருக்க வேண்டும். அதனால்தான் 36-ல் 6-ஐ மட்டும் பார்க்கிறோம்.

இப்போது கட்டத் தாளுக்கு வருவோம்.

வரிசைக்குப் பத்துக் கட்டம் இருந்தால், எந்த எண்ணுக்கும் நேர் கீழே இருப்பது அதைவிடப் பத்து கூடிய எண். 4-க்குக் கீழே 14, அதற்குக் கீழே 24. பத்தைக் கூட்டுவது என்றால் ஐந்து ஜோடிகளைக் கொண்டுவந்து சேர்ப்பது. ஏற்கெனவே ஒருவர் தனியாக நின்றால் அவர் இன்னும் தனியாகத்தான் நிற்பார். யாரும் தனியாக இல்லையென்றால் புதிதாக யாரும் தனியாகப் போவதில்லை. ஆகவே இரட்டைக்குக் கீழே இரட்டை, ஒற்றைக்குக் கீழே ஒற்றை. பட்டை வருவது இதனால்தான்.

ஒன்பது கட்டம் போட்டால் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் ஒன்பது கூடும். ஒன்பது என்பது நான்கு ஜோடியும் ஒரு தனி ஆளும். 2-க்குக் கீழே 11 வருகிறது. 2-ல் எல்லோரும் ஜோடியாக இருந்தார்கள். வந்த தனி ஆளுக்குத் துணை இல்லை, ஒற்றை ஆகிவிட்டது. அடுத்து 11-க்குக் கீழே 20. இப்போது வரும் தனி ஆள், முன்பே தனியாக நின்றவரோடு ஜோடி சேர்ந்துவிடுகிறார். மறுபடி இரட்டை. அதாவது ஒவ்வொரு வரிசை இறங்கும்போதும் நிறம் மாறியே தீர வேண்டும். பக்கவாட்டில் நகர்ந்தாலும் ஒன்று கூடுவதால் நிறம் மாறுகிறது. இரண்டு பக்கமும் மாறினால் செஸ் போர்டுதானே வரும்! ஒற்றையும் ஒற்றையும் சேர்ந்தால் ஏன் இரட்டை என்பது தனிப் பாடமாக நடத்தாமலே அந்தத் தாளில் இருக்கிறது.

இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க, எட்டு, ஏழு, ஆறு கட்டங்கள் உள்ள தாள்களைப் பிரித்துக் கொடுங்கள். வண்ணம் தீட்டும் முன்பே பட்டை வருமா, செஸ் போர்டு வருமா என்று சொல்லச் சொல்லுங்கள். எட்டும் ஆறும் பட்டை, ஏழு செஸ் போர்டு. நாலைந்து தாள் பார்த்ததும் யாராவது ஒரு பிள்ளை, வரிசையின் அகலம் இரட்டையா ஒற்றையா என்பதுதான் விஷயம் என்று சொல்லிவிடும்.

பத்துக் கட்டத் தாளில் ஒரு குறையும் உண்டு. இரண்டு வரிசை முடிந்ததும் பிள்ளைகள் எண்ணைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, கிரேயானை மேலிருந்து கீழே இழுத்துவிடுவார்கள். தாள் அழகாக இருக்கும், பாடம் உள்ளே போயிருக்காது. அதைக் கண்டுபிடிக்க அடுத்து ஒன்பது கட்டத் தாளைக் கொடுங்கள். 2-க்குக் கீழே உள்ள 11-க்கும் நிறம் ஏறியிருந்தால், அந்தப் பிள்ளை எண்ணைப் பார்க்கவில்லை, பழைய படத்தைத்தான் வரைந்திருக்கிறது.

கொட்டையிலும் ஒரு இடத்தில் சிக்கல் வரும். அமெரிக்காவில் டெபரா பால் என்ற கணித ஆசிரியையின் மூன்றாம் வகுப்பில், 1990-ல் ஒரு பையன், ஆறு இரட்டைப்படையும் ஒற்றைப்படையும் ஆகும் என்று வாதிட்டான். ஆறில் மூன்று ஜோடி இருக்கிறது, மூன்று ஒற்றைப்படையாயிற்றே என்பது அவன் கணக்கு. அவர் தப்பு என்று அடித்துவிடாமல் வகுப்பையே வாதாட விட்டார். அவன் பார்த்தது உண்மையான ஒன்றுதான்: 2, 6, 10, 14 என்று போகும் எண்களில் ஜோடிகளின் எண்ணிக்கை ஒற்றை. நம் வகுப்பிலும் இது வரும். வந்தால், “ஜோடி எத்தனை என்று கேட்கவில்லை, தனியாக யாராவது நிற்கிறார்களா என்றுதான் கேட்கிறோம்” என்று சொல்லி, அந்த எண்களுக்கு வேறு நிறம் தீட்டச் சொல்லலாம். எட்டுக் கட்டத் தாளில் 2-க்குக் கீழே 10, 18, 26 என்று அவையும் நேர்ப் பட்டையாகவே இறங்கும். பத்துக் கட்டத்தில் அப்படி வராது. 2-க்குக் கீழே 12 வந்துவிடும், அதில் ஆறு ஜோடி.

பூஜ்யம் இரட்டைப்படையா என்று கேட்பார்கள். கொட்டையே இல்லாத கையில் தனியாக நிற்கவும் ஒன்றும் இல்லை, ஆகவே இரட்டைப்படை. 2016 ஜனவரியில் டெல்லியில் கார்களுக்கு ஒற்றை-இரட்டை முறை வந்தபோதும் 0-வில் முடியும் வண்டிகளை இரட்டையோடுதான் சேர்த்தார்கள். மொய்க் கவரில் நூறோடு ஒரு ரூபாய் ஏன் சேர்க்கிறோம் என்றும் கேட்டால், அது பெரியவர்களின் நம்பிக்கை என்று சொல்லிவிடலாம். ராசி பார்ப்பதற்கும் 101-ல் ஒன்று தனியாக நிற்பதற்கும் சம்பந்தமில்லை.

வீட்டுப் பாடத்துக்குச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டர் போதும். வாரத்துக்கு ஏழு நாள், ஆகவே மாதம் முழுக்க செஸ் போர்டு. ஜனவரியையும் பிப்ரவரியையும் ஒரே கட்டத்தில் தொடர்ந்து எழுதி நிறம் தீட்டச் சொல்லுங்கள். 31-க்கு அடுத்து 1 வரும்போது இரண்டு வெள்ளைக் கட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து, அதற்கப்புறம் நிறம் எல்லாம் இடம் மாறிவிடும். ஏப்ரலுக்கும் மே மாதத்துக்கும் நடுவே அப்படி ஆகாது. வேறு எந்தெந்த மாதங்களுக்கு நடுவே ஆகும் என்பதைப் பிள்ளைகள் காலண்டரைப் புரட்டிப் பார்க்கட்டும்.