“புரிந்ததா?” என்று கேட்காமல் ஓர் எண்ணைக் கேளுங்கள்

சேலத்தில் இருந்துகொண்டு பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் ஜூமில் கணக்குப்பதிவியல் எடுக்கிறேன். மொத்தம் 22 பேர். ஆறு பேர் ஏற்காட்டில் நாகலூர், மஞ்சக்குட்டை பக்கம். மற்றவர்கள் அம்மாப்பேட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டை. யாருடைய கேமராவும் திறந்திருக்காது, மைக்கும் மூடியே இருக்கும்.

தொடக்கத்தில் நானும் கேமராவைப் போடச் சொல்லிக் கட்டாயப்படுத்தினேன். போட்ட ஐந்து நிமிடத்தில் மலையில் இருக்கும் பிள்ளைகள் ஒவ்வொருவராக அறுந்து விழுந்தார்கள். குரல் போக ஒரு சின்ன வாய்க்கால் போதும், படம் போக அதைப்போலப் பல மடங்கு வேண்டும். சிக்னல் ஒரு கோட்டில் நிற்கும் வீட்டில் படத்தை அனுப்பச் சொன்னால் குரலும் சேர்ந்து போய்விடுகிறது. மைக்கும் அப்படித்தான். அம்மாப்பேட்டையில் ஒரு பையனுக்குப் பக்கத்து அறையிலேயே தறி ஓடுகிறது, அவன் மைக்கைத் திறந்தால் எங்கள் எல்லோர் காதிலும் தறிதான் ஓடும். காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் இன்னொரு சிக்கல், அப்பா தோட்டத்திலிருந்து வந்தால்தான் போனே வீட்டுக்கு வரும். இதையெல்லாம் ஒழுங்கீனம் என்று எழுதிவைப்பது அநியாயம்.

சரி, முகமும் தெரியாது குரலும் வராது என்றால் பிள்ளை வகுப்பில் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நம்மில் பலர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை “புரிந்ததா?” என்கிறோம். உடனே சாட்டில் “எஸ் மிஸ்”, “ஓகே மிஸ்” என்று வரிசையாக வரும். முதல் ஆள் போட்டதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் போடுகிறார்கள், அதிலிருந்து எனக்கு ஒன்றும் தெரிவதில்லை. அதனால் அந்தக் கேள்வியையே விட்டுவிட்டு, எண்ணாக மட்டும் பதில் வரக்கூடிய கேள்வியைக் கேட்கத் தொடங்கினேன். போனில் தமிழில் ஒரு வரி தட்டச்சு செய்யப் பிள்ளைகளுக்கு நேரம் பிடிக்கும், ஓர் எண்ணைத் தட்டச் சில நொடிகள்தான், அது எவ்வளவு மெலிந்த இணைப்பிலும் வந்து சேர்ந்துவிடும்.

கேள்வியை எப்படி அமைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தேய்மானப் பாடத்தில் நான் கேட்ட கணக்கு இது. இயந்திரத்தின் விலை ₹90,000, அதை நிறுவ ஆன செலவு ₹10,000, எட்டு வருடம் உழைக்கும், கடைசியில் எஞ்சிய மதிப்பு ₹20,000. ஒவ்வொரு வருடமும் ஒரே தொகையைக் கழிக்கும் நேர்க்கோட்டு முறையில் ஒரு வருடத் தேய்மானம் எவ்வளவு? சரியான விடை 10,000. எஞ்சிய மதிப்பைக் கழிக்க மறந்தால் 12,500 வரும். நிறுவும் செலவைச் சேர்க்காமல் விட்டால் 8,750. இரண்டையும் மறந்தால் 11,250. கழிப்பதற்குப் பதிலாகக் கூட்டினால் 15,000. எல்லாம் சரியாகச் செய்து எட்டால் வகுக்காமல் நிறுத்தினால் 80,000. ஆக ஒவ்வொரு தப்புக்கும் ஒரு தனி எண். பிள்ளை எண்ணை அனுப்பியதும், அது எந்த இடத்தில் வழுக்கியது என்று நோட்டைப் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிடும். இப்படி ஒரு கேள்வி தயாரிக்க எனக்குப் பத்து நிமிடமாவது ஆகும். கட்டணமில்லாத ஜூம் 40 நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதால் ஒரு வகுப்புக்கு மூன்று கேள்விக்கு மேல் வைப்பதில்லை.

கேள்வி போடும் முன் சாட்டை யார் யாருக்கு அனுப்பலாம் என்ற இடத்தில் Host and co-hosts என்று மாற்றிவிடுவேன். அப்போது பிள்ளைகள் அனுப்புவது எனக்கு மட்டும்தான் வரும். இதை முதலில் செய்யாமல் விட்டு ஏமாந்தேன்: வேறொரு கணக்குக்கு நன்றாகப் படிக்கும் பெண் ஒருத்தி விடையைப் போட்டதும் பின்னாலேயே பதினைந்து பேரிடமிருந்து அதே எண் வந்தது. மாற்றிய பிறகு, மேலே சொன்ன தேய்மானக் கணக்குக்கு ஒன்பது பேரிடமிருந்து 10,000, ஏழு பேரிடமிருந்து 12,500, மூன்று பேரிடமிருந்து 8,750, ஒருவரிடமிருந்து 80,000. இரண்டு பேரிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

அந்த இரண்டு பேர் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் தப்பு நடப்பது இங்கேதான். பதில் வராதவனைக் கவனிக்காதவன் என்று முடிவுகட்டிப் பேரைச் சொல்லித் திட்டிவிடுகிறோம். நான் வகுப்பு தொடங்கியதும் “என் குரல் கேட்டவுடன் 1 போடுங்கள்” என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பேன். டவுனில் இருப்பவர்களுக்கு மூன்று நான்கு நொடி, நாகலூர்ப் பெண்ணுக்கு அன்றைக்குப் பதினைந்து. பேர் பக்கத்தில் இந்த எண்ணைக் குறித்துக்கொண்டால் போதும். அன்று பதில் தராத இருவரில் ஒருத்தி இவள், மழை பெய்துகொண்டிருந்தது, இணைப்பு அறுந்து திரும்ப உள்ளே வந்தவளுக்குக் கேள்வியே தெரியவில்லை. சாட்டில் முன்னால் போட்டது திரும்ப வந்தவளுக்குக் காட்டவில்லை. இன்னொருவன் 1 போட்டது மூன்றாவது நொடியில், கணக்குக்கு இரண்டரை நிமிடமாகியும் ஒன்றும் இல்லை. இணைப்பு நன்றாக இருக்கிறது, ஆள்தான் இல்லை. அவனிடம் வகுப்பில் ஒன்றும் கேட்கவில்லை, முடிந்ததும் போன் செய்தேன். முதல் பாடத்திலேயே தொலைந்துபோயிருந்தான், கேட்க வெட்கம்.

அன்றிலிருந்து கேள்விகளை வகுப்புக்கு முன்பே நோட்டில் எழுதிப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறேன். அறுந்து திரும்புகிறவர் “எத்தனையாவது கேள்வி மிஸ்?” என்று மட்டும் கேட்டால் போதும். எண்களை வாயால் சொல்லும்போதும் கவனம் வேண்டும். குரல் துண்டு துண்டாகப் போகும்போது எழுபதும் எண்பதும் ஒரே மாதிரிதான் கேட்கும், அதனால் “எழுபது, ஏழு சைபர்” என்று இரண்டு விதமாகச் சொல்கிறேன்.

12,500 போட்ட ஏழு பேருக்கு விடையைச் சொல்லவில்லை. “12,500 வந்தவர்கள் மட்டும் கேளுங்கள், எட்டு வருடம் கழித்து அந்த இயந்திரத்தைப் பழைய இரும்புக் கடையில் போட்டால் கையில் வரும் காசு எங்கே?” என்றேன். 8,750 காரர்களிடம், இயந்திரம் பெட்டிக்குள்ளேயே இருந்தால் ஓடுமா என்று கேட்டேன். யார் பேரும் வெளியே வரவில்லை, ஆனால் ஒவ்வொருவருக்கும் தன்னிடம்தான் பேசுகிறார் என்று தெரியும். அப்புறம் இரண்டாவது கணக்கு: விலை 45,000, நிறுவும் செலவு 5,000, எஞ்சிய மதிப்பு 10,000, ஐந்து வருடம். இந்தமுறை 8,000 என்று பதினெட்டுப் பேர்.

இந்த முறை எல்லாவற்றுக்கும் ஆகாது. எந்தக் கணக்கில் பற்று, எதில் வரவு என்று எழுதும் குறிப்பேட்டுப் பதிவை எண்ணாகக் கேட்க முடியாது, அதற்கு நோட்டைப் படமெடுத்து இரவுக்குள் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறேன், சிக்னல் வரும்போது அது தானாகப் போய்ச் சேரும். 30 பேருக்கு மேல் போனால் வரும் எண்களை ஒருவரே படித்துப் பிரிக்கவும் முடியாது. அப்போது வகுப்பை இரண்டாகப் பிரித்துவிடுவதுதான் நல்லது. நாகலூர்ப் பெண்ணின் விடை அன்று வகுப்பு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து வாட்ஸ்அப்பில் வந்தது: 11,250. இரண்டையும் விட்டிருந்தாள், அந்த எண்ணை அன்று வேறு யாரும் போடவில்லை.