கடைசி பேலன்ஸ் ஒட்டினால் போதும் என்று யார் சொன்னது?

மாம்பழ சீசன் ஓய்ந்து, மண்டிக் கணக்கெல்லாம் தீர்ந்த பிறகுதான் கிருஷ்ணகிரியில் எங்களைப் போன்ற கணக்கு எழுதுபவர்களுக்கு சீசன். வாட்ஸ்அப்பைத் திறந்தால் பாஸ்புக் படங்களாக வரும். பைக் டேங்க் மேல் வைத்து எடுத்தது, கட்டை விரல் பாதி வரியை மறைத்தது, டியூப் லைட் வெளிச்சம் பட்டு நடுவில் வெளுத்துப்போனது. கீழே ஒரே வரி: "சார், மொத்த டெபாசிட் மட்டும் கூட்டிச் சொல்லுங்க."

போன வாரம் சந்தூர் பக்கத்திலிருந்து வந்த படத்துக்குப் பிறகு இதை எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது. தோப்பு குத்தகைக்கு எடுப்பவர். அவர் மகன் கல்லூரியில் படிக்கிறான், கணக்கில் கெட்டி. அவனே கால்குலேட்டரில் கூட்டி, "மொத்தம் 2,90,890, சரியா பாருங்க சார்" என்று அனுப்பியிருந்தான். படத்தில் தெரிந்த வரிகள் இவை:

| தேதி | விவரம் | எடுத்தது | செலுத்தியது | இருப்பு |
|---|---|---|---|---|
| | முன்பக்க இருப்பு | | | 18,340 |
| 03-05 | ரொக்கம் | | 45,000 | 63,340 |
| 06-05 | ஏடிஎம் | 10,000 | | 53,340 |
| 11-05 | காசோலை வரவு | | 86,500 | 1,39,840 |
| 13-05 | காசோலை திரும்பியது | 86,500 | | 53,340 |
| 13-05 | கட்டணம் | 177 | | 53,163 |
| 18-05 | மண்டி, நெஃப்ட் | | 62,800 | 1,15,963 |
| 24-05 | செல்ஃப் செக் | 40,000 | | 75,963 |
| 29-05 | மண்டி, நெஃப்ட் | | 38,250 | 1,14,213 |
| 05-06 | ரொக்கம் | | 20,000 | 1,34,213 |

முதல் தவறு எல்லோரும் செய்வதுதான். முன்பக்கத்திலிருந்து கொண்டுவந்த 18,340-ஐயும் சேர்த்துக் கூட்டிவிட்டான். அது இந்தப் பக்கத்தில் போட்ட பணம் இல்லை. ஒவ்வொரு பக்கத்திலும் இப்படிச் சேர்த்தால் ஒரே பணம் பக்கத்துக்கு ஒரு தடவை டெபாசிட் ஆகிக்கொண்டே போகும்.

இரண்டாவது, 62,800 என்பதை 82,800 என்று படித்திருந்தான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. பாஸ்புக் பிரிண்டரின் ரிப்பன் தேய்ந்துவிட்டால் 6, 8, 0 மூன்றும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் இதைக் கண்டுபிடிக்கக் கண் கூர்மை தேவையில்லை, கழித்தல் தெரிந்தால் போதும். மேல் வரி இருப்பு 53,163, இந்த வரி இருப்பு 1,15,963. வித்தியாசம் 62,800. முடிந்தது. எண்ணை உற்றுப் பார்க்காமல் இருப்பைக் கழித்துப் பாருங்கள் என்று சொன்னேன்.

இப்படி வரிக்கு வரி பார்க்கும்போது எங்கே உதைக்கிறது என்பதை வைத்தே எது தவறு என்று சொல்லிவிடலாம். தொகையைத் தவறாகப் படித்திருந்தால் அந்த ஒரு வரி மட்டும் உதைக்கும். இருப்பைத் தவறாகப் படித்திருந்தால் அந்த வரியும் அடுத்த வரியும் உதைக்கும். 1,39,840-ஐ 1,34,840 என்று எழுதினால், அந்த வரியில் 5,000 குறையும், அடுத்த வரியில் அதே 5,000 கூடும். எடுத்ததைச் செலுத்திய பத்தியில் போட்டுவிட்டால் வித்தியாசம் சரியாக இரட்டிப்பாக வரும். 10,000 இடம் மாறினால் 20,000 உதைக்கும். பிரிண்டரில் புத்தகத்தைக் கோணலாக வைத்து அடித்த பக்கங்களில் பத்தி நகர்ந்து இதுதான் அடிக்கடி நடக்கிறது.

பையன் மறுபடி உட்கார்ந்து சரிபார்த்தான். அரை மணி நேரத்தில், "2,52,550 சார். பேலன்ஸ் பைசா சுத்தமா ஒட்டுது" என்று அனுப்பினான். 18,340-உடன் 2,52,550-ஐக் கூட்டி, எடுத்த 1,36,677-ஐக் கழித்தால் 1,34,213. ஒட்டத்தான் செய்கிறது.

எனக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். பேலன்ஸ் ஒட்டிவிட்டால் மொத்த டெபாசிட்டும் சரி என்ற நம்பிக்கை. படித்தவர்கள், சில சமயம் எங்கள் தொழிலிலேயே இருப்பவர்கள் கூட இதைச் சொல்கிறார்கள். கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். இருப்பு என்பது வந்ததில் போனது போக நின்றது. ஒரு லட்சம் போட்டு ஒரு லட்சம் எடுத்தாலும், ஒன்றுமே செய்யாமல் இருந்தாலும் இருப்பு ஒன்றுதான். ஏரியில் தண்ணீர் மட்டம் நேற்றும் இன்றும் ஒரே அளவு என்றால் வாய்க்கால் வழியே எதுவும் வரவில்லை என்று சொல்வீர்களா? நான்கு வரி மறைந்துபோனாலும் ஐந்தாவது வரியிலிருந்து இருப்பை எடுத்துக்கொள்ளலாம். மறைந்த நான்கு வரியில் போட்டது எவ்வளவு என்று அந்த இருப்பு சொல்லாது. 30,000 கூடியிருக்கிறது என்றால் 30,000 போட்டிருக்கலாம், அல்லது ஒரு லட்சம் போட்டு 70,000 எடுத்திருக்கலாம்.

படத்தை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். 13-ஆம் தேதிக்கும் 18-ஆம் தேதிக்கும் நடுவே புத்தகத்தின் தையல் வருகிறது. தையல் பக்கம் தாள் உள்ளே வளைந்து கறுப்பாக இருந்தது. அந்த இடத்தில் பிரிண்டர் ஒன்றிரண்டு வரி விட்டுத்தான் அடிக்கும், அதனால் இடைவெளி இருப்பது இயல்பு. ஆனால் இங்கே நிழலுக்கு மேலே எழுத்தின் தலை மட்டும் எட்டிப் பார்த்தது. "தம்பி, புத்தகத்தோடு வா" என்றேன்.

அவன் அப்பாவே கொண்டுவந்தார். தையலை அழுத்தி விரித்தால் இரண்டு வரி. 15-05 ரொக்கம் 49,000 வரவு, இருப்பு 1,02,163. 16-05 செல்ஃப் செக் 49,000, இருப்பு மறுபடி 53,163. ஏன் 49,000 என்று கேட்டேன். "ஐம்பதுக்கு மேல போனா பான் கேப்பாங்கன்னு சொன்னாங்க சார்" என்றார். (பான் அட்டை அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.) குத்தகைக்குக் கொடுக்க வேண்டியதைப் போட்டு, மறுநாளே எடுத்துவிட்டார். அந்த இரண்டு வரியும் ஒன்றையொன்று அடித்துவிட்டதால் பையனின் கணக்கில் எங்கேயும் உதைக்கவில்லை.

ஆக அந்தப் பக்கத்தின் மொத்த வரவு 3,01,550. அதில் 86,500 திரும்பிப் போன காசோலை, கைக்கு வராத பணம். அதைக் கழித்தால் 2,15,050. ரொக்கமாகப் போட்டது மட்டும் 65,000 இல்லை, 1,14,000. இந்த ரொக்கக் கணக்குதான் முக்கியம். சேமிப்புக் கணக்குகளில் ஒரு நிதியாண்டில் ரொக்க டெபாசிட் 10 லட்சத்தைத் தொட்டால் வங்கியே வருமான வரித் துறைக்குத் தெரிவித்துவிடும். அவர்கள் பார்ப்பது போட்டதன் கூட்டலை. எடுத்ததை அதில் கழிக்க மாட்டார்கள்.

அதனால் படம் அனுப்புபவர்கள் தயவுசெய்து இவ்வளவாவது செய்யுங்கள். புத்தகத்தை மேசையில் வைத்து, தையலை உள்ளங்கையால் அழுத்தி, ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். தையலுக்கு மேல் ஒரு படம், கீழ் ஒரு படம், இரண்டிலும் தையல் தெரியட்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்பினால் எண்கள் கலங்காது. முன்பக்கத்தின் கடைசி இருப்பும் இந்தப் பக்கத்தின் முதல் இருப்பும் ஒன்றுதானா என்று நீங்களே ஒரு தடவை பாருங்கள். நடுவில் ஒரு பக்கத்தை விட்டுவிட்டு அனுப்புபவர்கள் ஏராளம். மாதக்கணக்கில் என்ட்ரி போடாமல் வைத்திருந்து போனால் சில வங்கிகளில் பழையதையெல்லாம் மொத்தமாக்கி ஒரே வரியாக அடித்துவிடுவார்கள். அந்த வரியை எந்தக் கோணத்தில் படம் எடுத்தாலும் பயனில்லை. கிளையில் ஸ்டேட்மெண்ட் கேட்டு வாங்குங்கள்.

சந்தூர்க்காரரையும் அதற்குத்தான் அனுப்பியிருக்கிறேன். அவர் புத்தகத்தில் இன்னும் ஆறு தையல் இருக்கிறது.