நாலரை வருஷம் ஆன பாலிசியும் செல்லாமல் போகலாம்

ஆயுள் காப்பீடு எடுக்கும்போது ஏஜென்ட் சிலர் சொல்வது: "சுகர் இருக்குன்னு எழுதாதீங்க, பிரீமியம் கூடும். மூணு வருஷம் தாண்டிட்டா யாரும் கேட்க மாட்டாங்க." இதில் பாதி உண்மை இருப்பதால்தான் பலரும் நம்பிவிடுகிறார்கள்.

இந்தியக் காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு, 2015 திருத்தத்துக்குப் பிறகு, மூன்று வருடம் முடிந்த ஆயுள் பாலிசியை எந்தக் காரணம் சொல்லியும் கேள்வி கேட்கக் கூடாது என்கிறது. ஆனால் அந்த மூன்று வருடத்தை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது? பாலிசி வழங்கிய நாள், காப்பு தொடங்கிய நாள், புதுப்பித்த நாள், ரைடர் எனும் கூடுதல் காப்பைச் சேர்த்த நாள், இவற்றில் எது கடைசியோ அதிலிருந்து.

ஒருவர் 2019 ஜூனில் பாலிசி எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார், படிவத்தில் 'இல்லை' என்று இருக்கிறது. நடுவில் பிரீமியம் கட்டாமல் பாலிசி காலாவதியாகி, 2022 மார்ச்சில் புதுப்பிக்கிறார். அப்போது கொடுக்கும் உடல்நல உறுதிமொழியிலும் 'இல்லை'. 2024 ஜனவரியில் இறந்துவிடுகிறார். குடும்பத்தின் கணக்கில் நாலரை வருஷம், சட்டத்தின் கணக்கில் இரண்டு வருடம்கூட ஆகவில்லை. மருத்துவமனைப் பதிவில் 'பத்து வருடமாகச் சர்க்கரை' என்ற ஒரு வரி இருந்தால் போதும், நிறுவனம் மறுக்கப் பார்க்கும்.

மறுப்பதென்றால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். மோசடி என்று சொல்லாமல், தகவலை மறைத்தார் அல்லது தவறாகச் சொன்னார் என்று மட்டும் மறுத்தால், கட்டிய பிரீமியத்தை 90 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். அதற்கும், இது தெரிந்திருந்தால் பாலிசியே கொடுத்திருக்க மாட்டோம் என்று நிறுவனம்தான் நிரூபிக்க வேண்டும். மோசடி என்றால் பிரீமியமும் போய்விடும். அதனால் மறுப்புக் கடிதத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஒப்பவில்லை என்றால் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிட்டு, அப்புறம் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மேனிடம் கட்டணமில்லாமல் போகலாம்.

ஏஜென்ட்தானே எழுதினார் என்று கேட்கலாம். ஒப்பந்தம் பேசி முடித்தவரை நிறுவனத்தின் ஏஜென்டாகவே இந்தப் பிரிவு கருதுகிறது. ஆனாலும் படிவத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து. அவரிடம் சொன்னேன் என்பதற்குச் சாட்சி இல்லாமல் அதை நிலைநாட்டுவது மிகவும் கஷ்டம். உறவினர்கள் இதில் அலைவதைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது.

சரி, படிவத்தில் தவறு இருப்பதை வாங்கும்போதே எப்படிக் கண்டுபிடிப்பது? பாலிசியோடு, நீங்கள் கையெழுத்திட்ட விண்ணப்பமான முன்மொழிவுப் படிவத்தின் நகலும் வரும். வராவிட்டால் கேட்டு வாங்குங்கள். நோய், மருந்து, அறுவை சிகிச்சை, புகை, மது, ஏற்கெனவே உள்ள பாலிசிகள் பற்றிய கேள்விகளுக்கு வரிசையாக 'இல்லை' என்றே இருக்கிறதா என்று பாருங்கள். பாலிசியிலிருந்து கிடைக்கும் என்று ஏஜென்ட் சொன்ன பணமும் பாலிசிக் காலமும் பாலிசிப் பத்திரத்தில் அப்படியே இருக்கின்றனவா என்பதையும் ஒத்துப் பாருங்கள். தவறு இருந்தால் திருத்தச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பி, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். பாலிசியே வேண்டாம் என்று தோன்றினால், பத்திரம் கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். சில கழிவுகள் போகப் பணம் வந்துவிடும்.