மூன்று கொட்டேஷன், ஒரு மொட்டைமாடி

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழை எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஆற்று வெள்ளம் ஏறிய வீடுகளைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். வெள்ளம் எட்டிப் பார்க்காத மேட்டுத் தெருக்களிலும் எத்தனையோ வீடுகளில் தளத்தில் ஈரம் இறங்கி, பெயிண்ட் பொரிந்து, மின்விசிறிக் கம்பி வழியாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு ஒரு வருஷம் எனக்கு வந்த போன்களில் பாதி மொட்டைமாடி ஒழுகல் சம்பந்தப்பட்டதுதான்.

பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் மூன்று தாள்களோடு அலுவலகத்துக்கு வந்தார். "தம்பி, மூணு பேருகிட்ட கொட்டேஷன் வாங்கிட்டேன். ஒருத்தர் ஒரு லட்சத்து அஞ்சாயிரம் சொல்லுதாரு, ஒருத்தர் ஒண்ணு எண்பத்தொண்ணு, இன்னொருத்தர் ஒண்ணு தொண்ணூத்தஞ்சு. வேலை ஒண்ணுதான, ஏன் இப்படி மாறுது?"

வேலை ஒன்றுதானா என்பதே எனக்குச் சந்தேகமாக இருந்தது. தாள்களை விரித்தேன்.

முதல் தாளில் இருந்தது ஒரே ஒரு வரி: 'மொட்டைமாடி கூலிங் டைல்ஸ் பதித்தல், மெட்டீரியல் லேபர் உட்பட, மொத்தம் ரூ.1,05,000.' இரண்டாவதில் இரண்டு வரி: 'பழைய ஓடு எடுத்து, செங்கல் ஜல்லி போட்டு, டைல்ஸ் பதிக்க சதுரஅடி ரூ.165. அளவு 1,100 சதுரஅடி. ரூ.1,81,500.' மூன்றாவது தாள் மட்டும் ஐந்து வரியாகப் பிரிந்திருந்தது, கூட்டுத்தொகை ரூ.1,94,850.

இந்த மாதிரி நேரத்தில் விலையைப் பார்க்கும் முன்னால் நான் டேப்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவேன். எங்கள் ஊர்ப் பேச்சில் தட்டட்டி. டீச்சர் வீட்டின் வெளி அளவு 25க்கு 40. ஆனால் டைல்ஸ் பதிப்பது கைப்பிடிச் சுவருக்கு உள்ளே. அங்கே 24க்கு 39, அதாவது 936 சதுரஅடி. அதில் ஒரு மூலையில் மாடிப்படி அறை 80 சதுரஅடியைத் தின்றுவிடுகிறது. மிச்சம் 856. இரண்டாவது ஒப்பந்ததாரர் 1,100 எப்படிப் போட்டார் என்று கேட்டேன். வெளி அளவு ஆயிரம், சுவருக்கும் சேதாரத்துக்கும் ஒரு நூறு என்றார். அந்த 244 சதுரஅடிக்கு மட்டும் 40,260 ரூபாய். அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்லமாட்டேன். வெளி அளவுக்கு ரேட் பேசுவது இங்கே பழகிப்போன முறை. ஆனால் அவருடைய 165 ரூபாயை, உள் அளவுக்குக் கணக்குப்போட்ட இன்னொருவர் ரேட்டோடு அளவை ஒன்றாக்காமல் ஒப்பிடுவது, வேறு வேறு படியில் அளந்த அரிசிக்கு விலை பேசுகிற கதைதான்.

அளவை 856 ஆக்கியதும் இரண்டாவது தாள் 1,41,240க்கு இறங்கிவிட்டது. டீச்சர் முகம் மலர்ந்தது. "அப்ப இவருக்கே கொடுத்துரலாமா?"

"பொறுங்க டீச்சர்" என்று ஒரு வெள்ளைத்தாளில் கட்டம் போட்டேன். இடப்பக்கம் வேலைகள், மேலே மூன்று பேர். வேலைகளின் பெயரை மூன்றாவது தாளிலிருந்து எடுத்துக்கொண்டேன், அதில்தான் பிரித்து எழுதியிருந்தது. பழைய ஓட்டையும் ஜல்லியையும் எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுவது. தளத்தில் வெடிப்பை அடைத்து நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கோட், சுவரில் ஒரு அடி உயரத்துக்கும் சேர்த்து. செங்கல் ஜல்லி சுண்ணாம்புத் தளம். டைல்ஸ். கடைசியாக, சுவரும் தரையும் சேரும் இடத்தில் சுற்றிலும் 126 அடி நீளத்துக்கு ஓரப்பூச்சு. மற்ற இருவரையும் போனில் பிடித்து ஒவ்வொரு கட்டமாகக் கேட்டு நிரப்பினோம். எழுதாமல் விட்டதைச் செய்வார்கள் என்று நாமாக வைத்துக்கொள்ளக் கூடாது, செய்யமாட்டார்கள் என்றும் முடிவுகட்டக் கூடாது. கேட்டு எழுதவேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாமவர் பழைய ஓட்டைப் பெயர்த்து வாசலில் போடுவாராம். வண்டி வைத்து அள்ளுவதற்குத் தனியாக 7,000. பூச்சு அவர் கணக்கிலேயே இல்லை. வேண்டுமென்றால் சதுரஅடிக்கு 30 என்றார். சுவர் ஓரத்தையும் சேர்த்தால் பூசவேண்டியது 982 சதுரஅடி, அதற்கு 29,460. ஓரப்பூச்சு அடிக்கு 40 வீதம் 5,040. எல்லாம் கூட்டினால் 1,82,740. சுற்றிச் சுற்றி அவர் முதலில் சொன்ன தொகைக்கே வந்து நின்றது. அதற்கு மேலும் ஒன்று பாக்கி இருந்தது: ஜல்லியின் கனம்.

இந்த ஒரு வரியை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். ஒழுகல் வேலையில் பணம் மறைகிற இடம் பெரும்பாலும் இதுதான். ஜல்லி போடுவது வெறும் தரை நிரவ இல்லை, வாட்டம் கொடுக்க. 60 அடிக்கு ஒரு அடி சரிவு இருந்தால் தண்ணீர் தேங்காமல் ஓடிவிடும். டீச்சர் மாடியில் மழைநீர்க் குழாய் வாயிலிருந்து தூரத்து இடம் 15 அடி. அப்படியானால் அங்கே 3 இஞ்ச் உயரம் வேண்டும். குழாய் வாயில் குறைந்தது 2 இஞ்ச் கனம், தூரத்தில் 5 இஞ்ச், சராசரி மூன்றரை. 856 சதுரஅடிக்கு அது 250 கனஅடி, நம் பேச்சில் இரண்டரை யூனிட். மூன்றாமவர் 'சராசரி 3½ இஞ்ச்' என்று எழுதி 856 சதுரஅடிக்கு 72 ரூபாய் போட்டிருந்தார், 61,632. இரண்டாமவரிடம் கனம் கேட்டேன். "ரெண்டு, ரெண்டரை வரும் சார்." ரெண்டரை என்றே வைத்தாலும் கிட்டத்தட்ட 70 கனஅடி குறைகிறது. மூன்றாமவர் ரேட்டுக்கு அதன் மதிப்பு சுமார் 17,500. அதையும் ஏற்றினால் இரண்டாவது கொட்டேஷன் இரண்டு லட்சத்தைத் தொட்டுவிட்டது.

கனத்தோடு கலவையையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பொதுப்பணித்துறைக் கணக்கில் 32 பங்கு செங்கல் ஜல்லிக்குப் பன்னிரண்டரைப் பங்கு நீற்றிய சுண்ணாம்பு, மணல் கிடையாது, கட்டையால் நன்றாக அடித்து இறுக்கவேண்டும். "எத்தனை நாள் அடிப்பீங்க, எத்தனை ஆள்?" என்று கேட்டால் போதும். அடிக்கிற உத்தேசம் இருக்கிறவர் உடனே நாள் சொல்வார். மற்றவர் "அதெல்லாம் பாத்துக்கிடலாம் சார்" என்பார்.

இப்போது அந்த ஒற்றை வரிக்காரர். அவரிடம் பழைய ஓட்டைப் பற்றிக் கேட்டேன். "அதை எதுக்கு சார் கிளப்பணும்? மேலயே ஒண்ணரை இஞ்ச் கலவை போட்டு டைல்ஸ ஒட்டிருவோம். நிறைய வீட்டுக்குப் பண்ணியிருக்கோம்." அதாவது எடுப்பது இல்லை, பூச்சு இல்லை, ஜல்லி இல்லை. டைல்ஸும் ஓரப்பூச்சும் மட்டும். மூன்றாமவர் ரேட்டில் அந்த இரண்டு வரியைக் கூட்டினேன்: டைல்ஸ் 75,328, ஓரம் 5,670, ஆக 80,998. அரை இஞ்ச் கூடுதல் கலவைக்கு 5,000 சேர்த்தாலும் 86,000. அவர் கேட்டது 1,05,000. ஆகக் குறைந்த தொகை சொன்னவர்தான், செய்கிற வேலைக்கு ஆக அதிகம் கேட்கிறவர்! டீச்சர் அந்தக் கட்டத்தைத் தானே இன்னொரு தடவை கூட்டிப் பார்த்தார்.

விலையை விடுங்கள், அந்த முறையே அந்த வீட்டுக்கு ஆகாது. ஊறிப்போன பழைய ஜல்லிக்குள் இருக்கிற தண்ணீர் மேலே போக வழியில்லாமல் கீழேதான் இறங்கும். ஒன்றரை இஞ்ச் கலவை மட்டுமே ஆறு டன்னுக்கு மேல் எடை. போதாததற்கு மாடிப்படி அறையின் வாசல்படி ஏற்கெனவே தரையிலிருந்து இரண்டு இஞ்ச்தான் உயரம். டைல்ஸ் ஏறினால் மாடித் தரை படியை விட மேலே போய்விடும், மழைத்தண்ணீர் படிக்கட்டு வழியாக வீட்டுக்குள் வரும். இதை எந்தக் கொட்டேஷனிலும் பார்க்க முடியாது, மாடியில் நின்றால்தான் தெரியும்.

மூன்றாவது தாள் விவரமாக இருக்கிறது என்பதற்காக அதை அப்படியே நம்பிவிடவும் கூடாது. பிரித்து எழுதத் தெரிந்தவருக்குப் பிரித்து ஏற்றவும் தெரியும். அதிலிருந்து பெரிய வரியை எடுத்து நாமே அடக்கவிலை போட்டுப் பார்த்தோம். 856 சதுரஅடிக்குச் சேதாரம் சேர்த்து 900 டைல்ஸ். கடையில் விசாரித்ததில் ஒன்று 42 ரூபாய், மொத்தம் 37,800. ஒரு இஞ்ச் கலவைக்குச் சிமெண்ட் 16 மூட்டை, எம்சாண்ட் முக்கால் யூனிட், அன்றைய விலைக்குப் பத்தாயிரத்துக்குள். ஒரு கொத்தனாரும் ஒரு கையாளும் நாளைக்கு 85, 90 சதுரஅடி பதிப்பார்கள், பத்து நாள், 17,000. மாடிக்கு ஏற்றுகூலி, இடுக்கு அடைக்கும் பவுடர் என்று 3,000. ஆக 67,800 சொச்சம். அவர் போட்டது 75,328. நடுவில் ஏழாயிரத்து ஐந்நூறு, அடக்கத்தில் நூற்றுக்குப் பதினொன்று. ஆள் நிறுத்தி, நின்று பார்த்து, தப்பு வந்தால் திரும்ப வருகிறவருக்குப் பத்திலிருந்து பதினைந்து வரை நான் நியாயம் என்றுதான் சொல்வேன். ஐந்துக்கும் கீழே இறங்கி வருகிறவரைப் பார்த்தால் எனக்குப் பயம், அவர் எதையோ குறைக்கப்போகிறார். (இந்த விலைகளை உங்கள் வீட்டுக்கு எடுத்துப்போகாதீர்கள், போடும் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.)

அவர் தாளிலும் ஒரு ஓட்டை இருந்தது. பூச்சு வரியில் சதுரஅடிக்கு 34 ரூபாய், ஆனால் எந்தச் சரக்கு என்று எழுதவில்லை. பெயரில்லாத வரிக்கு விலை நியாயமா என்று யாராலும் சொல்ல முடியாது. பெயரை எழுதச் சொன்னோம். டப்பாவிலேயே ஒரு கிலோ எத்தனை சதுரஅடிக்கு வரும் என்று போட்டிருக்கும். அதை வைத்து 982 சதுரஅடிக்கு இரண்டு கோட் பூச எத்தனை டப்பா என்று கணக்கெடுத்து அதையும் அந்த வரியிலேயே சேர்த்தோம். காலி டப்பாவைக் கடைசிவரை மாடியிலேயே வைத்திருக்கவேண்டும் என்பது டீச்சரின் யோசனை. முப்பது வருஷம் விடைத்தாள் எண்ணிய கை.

தாளின் அடியில் 'வரி தனி' என்று பொடி எழுத்தில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். 18 சதவீதம் என்றால் இந்த வேலைக்கே முப்பத்தைந்தாயிரம். இந்த மூன்றிலும் அது இல்லை, இருந்தும் 'எல்லா வரியும் உட்பட' என்று எழுதி வாங்கினோம்.

இன்னொரு வரியும் நாங்களாகச் சேர்த்தோம்: பூச்சு காய்ந்ததும் குழாய் வாயை அடைத்து, இரண்டு இஞ்ச் தண்ணீர் கட்டி, 48 மணி நேரம் நிறுத்தவேண்டும். கீழே ஈரம் தெரியாவிட்டால்தான் ஜல்லி போடலாம். தெரிந்தால் அவர் செலவில் சரிசெய்யவேண்டும். மற்ற இருவரில் ஒருவர் இதைக் கேட்டு ஃபோனை வைத்துவிட்டார். மூன்றாமவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார். தொகையை 1,90,000க்கு முடித்து, அளவு கூடினாலும் குறைந்தாலும் அதே ரேட்டில் கணக்கு என்று எழுதிக் கையெழுத்து வாங்கினோம்.

தண்ணீர் கட்டிய இரண்டாம் நாள் சாயங்காலம் டீச்சர் ஃபோன் பண்ணினார். பூஜை அறை மூலையில் ஒரு சாண் அகலத்துக்கு ஈரம். போய்ப் பார்த்தால் நேர் மேலே குழாய் வாய். குழாயும் தளமும் சேருகிற வளையத்தில் பூச்சு பிடிக்கவில்லை. ஒப்பந்ததாரர் முனகிக்கொண்டேதான் வந்தார். தாளில் அந்த வரியைக் காட்டியதும் தண்ணீரைத் திறந்துவிட்டு, வளையத்தைக் கொத்தி எடுத்து, அடைத்து, திரும்பப் பூசி, மறுபடி இரண்டு நாள் தண்ணீர் கட்டினார். இந்தத் தடவை கீழே காய்ந்தே இருந்தது. அதற்கு மறுநாள் ஜல்லி வண்டி வந்தது.