குறுங்கடன் நிறுவனத்தில் டேட்டா வேலை: ஒப்புக்கொள்ளும் முன் போட வேண்டிய கணக்கு

தென்னாப்பிரிக்காவில், டர்பனிலோ ஜோகன்னஸ்பர்க்கிலோ டேட்டா அனலிஸ்ட், மென்பொருள் உருவாக்குநர், ஆக்சுவரி என்று வேலை தேடுபவர்களுக்குக் கடன் நிறுவனங்களிலிருந்து அழைப்பு வருவது சகஜம். சென்னையிலிருந்து விசாவில் வந்தவருக்கும் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவருக்கும் இது பொது. சம்பளம் நன்றாக இருக்கும், வேலையும் சவாலாக இருக்கும். ஆனால் வீட்டில் சொன்னால், "வட்டிக்கடையில் கணக்கு எழுதவா இவ்வளவு படித்தாய்?" என்று ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்வி நியாயமானது. அதற்கு மனம்போன போக்கில் பதில் சொல்லாமல் கணக்குப் போட்டுப் பதில் சொல்ல முடியும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

கடன் தொழில் முழுவதையும் ஒதுக்கிவிடுவது ஒரு வழி. அப்படி முடிவெடுத்தவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் பதிவுபெற்ற நிறுவனம் கடன் தராத இடத்தில் மஷோனிசாதான் தருகிறார். நம் ஊர் மீட்டர் வட்டிக்காரருக்கு இந்த நாட்டில் அதுதான் பெயர். வங்கி அட்டையையும் அடையாள அட்டையையும் பிடித்து வைத்துக்கொண்டு, நூற்றுக்கு முப்பது, சில இடங்களில் ஐம்பது என்று மாத வட்டி வாங்குபவர்கள் உண்டு. எனவே "கடன் கொடுக்கிறார்களா" என்று கேட்டு முடிவுக்கு வர முடியாது. அந்த நிறுவனத்தின் லாபம் எந்த வாடிக்கையாளரிடமிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். கடன் வாங்கி, அடைத்து, விலகிப் போகிறவரிடமிருந்தா? அடைத்த அன்றே மறுபடி வாங்குகிறவரிடமிருந்தா?

இதை ஓர் உதாரணத்தால் பார்ப்போம். 2005-ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டத்தின்கீழ், 8,000 ரேண்டுக்கு மேற்படாத, ஆறு மாதத்துக்குள் அடைக்க வேண்டிய கடன் 'குறுங்காலக் கடன்'. 2016 முதல் நடைமுறையில் உள்ள உச்ச வரம்புகளின்படி, ஒரு காலண்டர் ஆண்டில் முதல் கடனுக்கு மாதம் 5 சதவீத வட்டி, அதே ஆண்டில் அடுத்தடுத்த கடன்களுக்கு மாதம் 3 சதவீதம். தொடக்கக் கட்டணம் 165 ரேண்டும், ஆயிரத்துக்கு மேற்பட்ட தொகையில் 10 சதவீதமும். மாதச் சேவைக் கட்டணம் 60 ரேண்டு. கட்டணங்கள் மீதான வாட் வரியை இங்கே சேர்க்கவில்லை.

ஒருவர் ஜனவரியில் 2,000 ரேண்டை ஒரு மாதத்துக்கு வாங்குகிறார். வட்டி 100, தொடக்கக் கட்டணம் 265, சேவைக் கட்டணம் 60, மொத்தச் செலவு 425. சம்பள நாளில் 2,425 ரேண்டு போய்விடுவதால் மாதம் ஓட்டக் கையில் காசில்லை. அன்றே மறுபடி 2,000 வாங்குகிறார். இம்முறை வட்டி 60-ஆகக் குறைகிறது. ஆனால் பழைய கடன் தீர்ந்து இது புதிய ஒப்பந்தம் என்பதால் 265-உம் 60-உம் மறுபடி விழுகின்றன. ஆக 385. இப்படி ஜூன் வரை ஆறு முறை சுற்றினால் செலவு மட்டும் 2,350 ரேண்டு. அவர் கையில் எப்போதும் இருந்தது அதே 2,000தான்.

அதே 2,000 ரேண்டை ஆறு மாதத் தவணையில், 5 சதவீத வட்டிக்கே கொடுத்து, தொடக்கக் கட்டணத்தையும் அசலோடு சேர்த்திருந்தால் மொத்தச் செலவு ஏறக்குறைய 1,040 ரேண்டு. இரண்டிலும் வட்டியும் கட்டணமும் சட்ட வரம்புக்குள்தான், ஆனால் ஒன்றின் செலவு மற்றதைவிட இரு மடங்குக்கும் மேல். வட்டி விகிதம் குறைந்த பிறகும் செலவு ஏறக் காரணம், ஒவ்வொரு சுற்றிலும் விழும் தொடக்கக் கட்டணம். "நாங்கள் சட்ட வரம்புக்குள்தான் வட்டி வாங்குகிறோம்" என்று நேர்முகத்தில் சொல்வார்கள். அது உண்மையாக இருந்தாலும் உங்கள் கேள்விக்குப் பதில் ஆகாது.

இன்னொரு பதில் இதைவிட ஏமாற்றும்: "எங்கள் வாராக்கடன் மிகக் குறைவு. கட்ட முடிந்தவர்களுக்குத்தான் கொடுக்கிறோம்." டேட்டா தெரிந்தவர்களே இதில் சறுக்குகிறார்கள். கடன் தவணை பெரும்பாலும் வங்கிக் கணக்கிலிருந்து டெபிட் ஆர்டர் மூலம், சம்பளம் விழும் நாளில், வாடகைக்கும் மளிகைக்கும் முன்னால் எடுக்கப்படுகிறது. இப்போதைய டெபிசெக் முறையில் வாடிக்கையாளர் தன் வங்கி வழியே ஒருமுறை ஒப்புதல் தர வேண்டும். மோசடி எடுப்புகளைத் தடுக்க அது நல்ல முறை. ஆனால் ஒப்புதல் தந்தபின் யார் பணம் முதலில் போகிறது என்பது மாறுவதில்லை. ஆகவே தவணை தவறவில்லை என்பது பணம் இருந்தது என்பதற்குத்தான் சான்று. அது எடுக்கப்பட்ட பிறகு வீட்டில் சாப்பாட்டுக்கு மிஞ்சியதா என்பதற்குச் சான்றல்ல. நீதிமன்றம் வழியாகச் சம்பளத்தில் பிடிக்கப்படும் தொகைகள் எல்லாம் சேர்ந்து அடிப்படைச் சம்பளத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. வாடிக்கையாளரே ஒப்புக்கொண்ட டெபிட் ஆர்டருக்கு அப்படிப்பட்ட உச்சவரம்பு இல்லை. தவணை தவறுவாரா என்பதை மட்டுமே இலக்காக வைத்துப் பயிற்றுவித்த மாடல், சம்பள நாளில் உறுதியாகப் பணம் விழும் ஏழையை 'நல்ல வாடிக்கையாளர்' என்று காட்டும்.

எனவே நேர்முகத்தில், உங்கள் முறை வரும்போது, மூன்று விஷயங்களைக் கேளுங்கள். சென்ற மாதம் கொடுத்த கடன்களில், முந்தைய கடனை அடைத்து ஏழு நாளுக்குள் திரும்பி வந்தவர்களுக்குப் போனது எவ்வளவு? நான் கட்டப்போகும் மாடலின் இலக்கு மாறி எது: தவணை தவறுதலா, லாபமா, வாடிக்கையாளர் எத்தனை முறை திரும்புகிறார் என்பதா? என் குழுவின் போனஸ் எந்த எண்ணோடு கட்டப்பட்டிருக்கிறது?

நிறுவன ரகசியம் என்று துல்லியமான எண்ணைத் தராமல் இருக்கலாம், அதைக் குற்றமாகக் கொள்ள வேண்டாம். அந்த எண்ணை அவர்கள் அளக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். "அதைக் கவனிக்கிறோம், இத்தனை சுற்றுக்கு மேல் போனால் இடைவெளி விடுகிறோம், அல்லது நீண்ட தவணைக்கு மாற்றுகிறோம்" என்று ஒருவர் சொன்னால் அங்கே யாரோ இதைப் பற்றி யோசித்திருக்கிறார்கள். திரும்பி வருவதை 'விசுவாசம்' என்று பெருமையோடு சொன்னால், உங்களுக்கு வரப்போகும் முதல் வேலை சம்பள நாளுக்கு மறுநாள் அனுப்பும் குறுஞ்செய்தியை இன்னும் கூர்மையாக்குவதாக இருக்கும்.

வேலையில் சேர்ந்தபின் கண்ணில் படக்கூடிய ஓர் இடத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாம். கடன் தருமுன் விண்ணப்பதாரரின் வரவு செலவைச் சரிபார்க்க வேண்டும் என்பது சட்டம். அதற்கான 2015-ஆம் ஆண்டு விதிகளில் குறைந்தபட்சச் செலவு அட்டவணை ஒன்று உண்டு. மொத்தச் சம்பளம் 6,250-க்கும் 25,000-க்கும் இடையில் இருந்தால் 1,167.88 ரேண்டும், 6,250-க்கு மேற்பட்ட தொகையில் 9 சதவீதமும் செலவாகக் கொள்ள வேண்டும். 7,000 ரேண்டு வாங்குபவருக்கு இது 1,235.38. ஃபீனிக்ஸிலிருந்து டர்பன் நகரத்துக்கு மினிபஸ் டாக்சியில் வேலைக்குப் போய் வந்து, பிள்ளைகளை வளர்க்கும் ஒருவர் 1,235 ரேண்டில் மாதத்தை ஓட்டுவார் என்று யாரும் நம்பமாட்டார்கள். அது தரைமட்டம் மட்டுமே. அதற்குக் கீழே போகக்கூடாது என்பதற்காக வைத்த எண். ஆனால் விண்ணப்பப் படிவத்தில் செலவுக் கட்டத்தை அதே எண்ணால் நிரப்பி வைத்துவிட்டால் பெரும்பாலானோர் அதை மாற்றாமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். நிரலில் வித்தியாசம் ஒரே வரிதான்:

```
expense = norm
expense = max(norm, declared, statement_avg)
```

முதல் வரி இருக்கும் அமைப்பில் கிட்டத்தட்ட எல்லாருக்கும் கடன் கட்ட வசதி இருப்பதாகவே வரும். இரண்டாவது வரி மூன்று மாத வங்கி அறிக்கையையும் பார்க்கிறது. இந்த ஒரு வரியை மாற்ற உங்களுக்கு அதிகாரம் இருக்குமா, மாற்றச் சொன்னால் யார் முடிவெடுப்பார் என்பதையும் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

வெளியிலிருந்தே தெரிந்துகொள்ளக்கூடியவையும் உண்டு. எவ்வளவு சிறிய கடன் நிறுவனமாக இருந்தாலும் தேசியக் கடன் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். `NCRCP` என்று தொடங்கும் எண் இணையதளத்தின் அடியில் இருக்கும், அதை ஆணையத்தின் பட்டியலில் தேடிப் பாருங்கள். தேசிய நுகர்வோர் தீர்ப்பாயத்தின் தீர்ப்புகள் `saflii.org` தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நிறுவனத்தின் வணிகப் பெயரோடு நிறுத்தாமல், கடன் ஒப்பந்த மாதிரியில் அச்சிட்டுள்ள சட்டப்பூர்வப் பெயரையும் தேட வேண்டும். இரண்டும் பல நேரம் வேறுவேறாக இருக்கும்.

வசூல் பிரிவில் வேலை என்றால் இன்னும் கவனம் தேவை. கடனுக்காகச் சம்பளத்தில் பணம் பிடிக்கும் ஆணைகளைக் கடனாளிக்கு எட்டாத தொலைதூர நீதிமன்றங்களில் எழுத்தர்கள் மூலம் எளிதாக வாங்கிய காலம் ஒன்று இருந்தது. 2016-இல் அரசியல் சாசன நீதிமன்றம், நீதித்துறையின் மேற்பார்வை இல்லாமல் அப்படிப்பட்ட ஆணை கூடாது என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்குக்கு முன்பு அதைத் தானியங்கியாக்கிய மென்பொருளை எழுதியவர்களும் நம்மைப் போன்ற தொழில்நுட்பக்காரர்கள்தான்.

மனசுக்கு ஒவ்வாத வேலையில் மாட்டிக்கொள்வதற்குப் பெரும்பாலும் காரணம் ஒப்பந்தத்தில் இருக்கும். சேரும்போது தரும் போனஸை இரண்டு வருடத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற ஷரத்து இருந்தால், அந்தப் பணத்தைத் தொடாமல் தனியாக வையுங்கள், அல்லது போனஸே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்ற தடை இந்த நாட்டில் அடிப்படையில் செல்லுபடியாகும். அது நியாயமற்றது என்று நிரூபிக்கும் பொறுப்பு விலகுகிறவர் தலையில்தான் விழும். எனவே கையெழுத்துக்கு முன்பே 'கடன் துறை' என்பதை 'குறுங்காலக் கடன்' என்று சுருக்கக் கேளுங்கள். இல்லாவிட்டால் நாளை வங்கி வேலைக்கும் அது குறுக்கே நிற்கும். பொதுப் பணி விசாவில் வந்தவர்களுக்குச் சிக்கல் இன்னும் கூடுதல். அந்த விசா குறிப்பிட்ட முதலாளியோடு கட்டப்பட்டது. அவர்கள் இந்தத் துறையில் முதல் வேலையை ஏற்பதை இருமுறை யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து. கேள்வி கேட்கும் தைரியம் விசாவின் தேதியோடு சேர்ந்தே சுருங்குகிறது.

ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் இரண்டு வகைப் புகார்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வரவு செலவைச் சரிபார்க்காமலே கடன் கொடுப்பது சட்ட மீறல். அதை வெளிப்படுத்துகிறவரை, உரிய வழியில் சொன்னால், 2000-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வெளிப்படுத்தல் சட்டம் பழிவாங்கலிலிருந்து காக்கிறது. மேலே சொன்ன ஆறு சுற்றுக் கதை போன்றது, தீமையானாலும், சட்டத்துக்கு உட்பட்டதாக இருக்கலாம். அப்படியானால் அதைப் பத்திரிகைக்குச் சொன்னால் அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது. அங்கே உள்ளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கலாம், அந்தப் பணியை ஏற்க மறுக்கலாம், முடியாவிட்டால் விலகலாம்.

விலகுவதென்றால் முதல் ஆறு மாதத்துக்குள் சட்டப்படி ஒரு வார அறிவிப்பு போதும். ஒரு வருடம் வரை இரண்டு வாரம், அதன்பின் நான்கு வாரம். ஒப்பந்தம் இதைவிட நீண்ட காலம் கேட்கலாம் என்பதால் அதையும் பாருங்கள். தானாக ராஜினாமா செய்தவருக்கு வேலையின்மைக் காப்பீட்டுப் பணம் பொதுவாகக் கிடைக்காது. ஆகவே அறிவிப்புக் கடிதம் கொடுக்குமுன் குறைந்தது மூன்று மாதச் செலவுக்கான பணம் கையில் இருக்க வேண்டும். அதைச் சேர்க்கத் தொடங்க வேண்டியது இங்கே வாங்கும் முதல் சம்பளத்திலிருந்து.